இலைப்பேனா, சிலந்தியா, வைரஸா: மிளகாய் இலை சுருண்டால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

“மிளகாய்ச் செடி இலையெல்லாம் ஒரு மாதிரியா இருக்குடா, என்ன அடிக்கலாம்?” என்று பெரியம்மா போன் செய்தார். தாம்பரத்தில் மொட்டை மாடி, ஆறு குரோ பேக், ஆறிலும் சம்பா மிளகாய். அடைமழை விட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “இது வைரஸ், பிடுங்கிப் போடுங்க” என்று சொல்லியிருக்கிறார். உரக்கடையில் கேட்டதற்கு இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்தைக் கொடுத்திருக்கிறார்கள். அதையும் அடித்தாகிவிட்டது. ஐந்து நாளைக்கு முன்னால் வேப்பெண்ணெயும் ஒரு தடவை அடித்திருக்கிறார்.

“ஒரு மாதிரி” என்பதை வைத்துக்கொண்டு மருந்து சொல்ல முடியாது. மிளகாயில் இலை சுருள்வதற்கு மட்டுமே நான்கைந்து காரணங்கள் உண்டு. ஒன்றைக் கொல்லும் மருந்து இன்னொன்றைத் தொடக்கூட தொடாது. சரியான வரிசையில் பார்த்தால், செடியின் முன்னால் பதினைந்து நிமிடம் நின்றாலே காரணம் ஒன்றிரண்டாகக் குறைந்துவிடும். பெரியம்மாவிடம் நான் கேட்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில்: எந்த இலை?

“கீழே இருக்கிற பழைய இலையா, நுனிக் கொழுந்தா?” இதுதான் முதல் கேள்வி, எந்தச் செடியாக இருந்தாலும். செடிக்குள் சில சத்துகள் இடம் மாறும். தழைச்சத்து குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து அதை உருவிக் கொழுந்துக்குக் கொடுக்கும். அதனால் கீழ் இலை முழுக்க ஒரே சீராக வெளிறி மஞ்சளாகும். மக்னீசியம் குறைந்தாலும் கீழ் இலைதான், ஆனால் நரம்பு பச்சையாக இருக்க நடுவில் மட்டும் மஞ்சளாகும். இரும்பு அப்படி எளிதில் நகராது. ஆகவே இரும்புச்சத்துக் குறை கொழுந்தில் தெரியும்: இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சை வலையாக நிற்கும். உப்புத் தண்ணீர் போர்வெல் இருக்கும் வீடுகளில் செம்பருத்தியிலும் இட்லிப்பூவிலும் இதை அடிக்கடி பார்க்கலாம். மண்ணில் இரும்பு இருந்தாலும் காரத்தன்மை ஏறிவிட்டால் வேரால் அதை எடுக்க முடியாது.

பெரியம்மா, “கீழ் இலை நல்லாத்தான் இருக்கு, மேலதான் எல்லாம் சுருண்டு கிடக்கு” என்றார். நிறம் பெரிதாக மாறவில்லை, வடிவம்தான் கெட்டிருக்கிறது, அதுவும் கொழுந்தில். பழைய இலையில் ஆரம்பிக்கும் தழைச்சத்து, மக்னீசியக் குறைகள் இத்துடன் கழிந்தன. மிச்சமிருப்பவை கொழுந்தைத் தேடி வருபவை: சாறு உறிஞ்சும் உயிர்களும், அவை கொண்டுவரும் வைரஸும்.

காலை ஏழு மணிக்குப் பாருங்கள்

மத்தியானம் இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு “சுருண்டிருக்கு” என்று சொன்னால் அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. மொட்டை மாடிச் சூட்டில் மிளகாய் தண்ணீரை மிச்சம் பிடிக்க இலையை மடித்துக்கொள்ளும், வெயில் தாழ்ந்ததும் விரித்துவிடும். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் இலை தட்டையாக இருந்தால் அது நோயே இல்லை. காலையிலும் இலை தொங்கிக் கிடந்தால் மண்ணில் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். உலர்ந்திருந்தால் தாகம். சொதசொதவென்று இருந்தும் வாடியிருந்தால் வேர் மூச்சுத் திணறுகிறது, பையின் அடித்துளை அடைத்திருக்கலாம்.

இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் வாடும் செடிக்கு மேலும் தண்ணீர் ஊற்றிக் கொன்றவர்கள் நிறைய. நானும் ஒரு காலத்தில் அந்தக் கட்சிதான்.

பெரியம்மாவின் செடிகள் காலையிலும் அப்படியேதான் இருந்தன. தொட்டால் இலை விறைப்பாக, கொஞ்சம் தடித்து, சுருக்கென்று ஒடிந்தது. வாடல் இல்லை.

சுருள் எந்தப் பக்கம்?

மிளகாயில் முடிவைப் பாதிக்கு மேல் தீர்மானிப்பது இந்தக் கேள்விதான். இலையின் இரண்டு ஓரங்களும் வானத்தைப் பார்த்து எழும்பி, இலை ஒரு படகு போல ஆகியிருக்கிறதா? அல்லது ஓரங்கள் தரையைப் பார்த்து இறங்கி, படகைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கிறதா?

மேல் நோக்கிய படகு என்றால் முதல் சந்தேகம் இலைப்பேன். கவிழ்த்த படகு என்றால் மஞ்சள் சிலந்தி. பெயர்தான் சிலந்தி, வலை பின்னாது. செஞ்சிலந்தி போல இலையில் தூசி படிந்த மாதிரி புள்ளியும் நூலும் விடாது. அதனால்தான் பலரும் இதைத் தவறவிடுகிறார்கள். அசுவினியாலும் இலை கீழ் நோக்கிச் சுருளும், ஆனால் அசுவினி கண்ணுக்கே கொத்துக் கொத்தாகத் தெரியும். இலையில் பிசுபிசுப்பு இருக்கும், எறும்பு ஏறி இறங்கும்.

வைரஸில் பெரும்பாலும் இலை மேல் நோக்கியே சுருளும். ஆகவே மேல் நோக்கிய சுருளைப் பார்த்ததும் இலைப்பேன் என்று முடித்துவிடக் கூடாது. அடுத்து வரும் அடையாளங்களையும் சேர்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

போனில் திசையைக் கேட்டால் பதில் குழப்பமாகத்தான் வரும். “மேலயும் இருக்கு, கீழயும் இருக்கு” என்பார்கள். பெரியம்மாவும் அப்படித்தான் சொன்னார். “ஒரு இலையைக் கிள்ளி, நுனி உங்களைப் பார்க்கிற மாதிரி கண்ணுக்கு நேரா பிடிச்சு போட்டோ அனுப்புங்க பெரியம்மா” என்றேன். குறுக்கே பார்க்கும்போது திசை தப்பாது. வந்த ஐந்து படத்தில் நான்கு கவிழ்ந்த படகு. ஒன்று மட்டும் மேல் நோக்கி இருந்தது. அது மூலையில் தனியாக நின்ற ஆறாவது செடியின் இலை. அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காம்பு, நரம்பு, இலையின் அடிப்பக்கம்

கிள்ளிய இலையிலேயே இன்னும் மூன்று இடங்களைப் பார்க்கலாம்.

காம்பு: மஞ்சள் சிலந்தி தாக்கிய கொழுந்தில் காம்பு நீண்டுபோய், இலைப்பரப்பு ஒடுங்கிச் சிறுத்திருக்கும். எலிவால் மாதிரி என்று விவசாயிகள் சொல்வது இதைத்தான். இளம் இலை கரும்பச்சையாகி, கொஞ்சம் தோல் போல மொரமொரப்பாகும்.

அடிப்பக்கம்: இலைப்பேன் இலையைக் கீறிச் சாறு குடிக்கும். அந்தக் கீறல்கள் முதலில் வெள்ளி மினுமினுப்பாகவும், பிறகு பழுப்புத் தழும்பாகவும், நடுநரம்பை ஒட்டி ஓடும். சிலந்தியில் இந்தக் கோடுகள் இருக்காது. அடிப்பக்கம் மொத்தமாக வெண்கல நிறத்தில் எண்ணெய் தடவியது போலப் பளபளக்கும்.

நரம்பு: வெளிச்சத்துக்கு எதிராக இலையைப் பிடியுங்கள். நரம்புகள் மஞ்சளாகத் தெளிந்து, அல்லது தடித்து, இலை பச்சையும் மஞ்சளுமாகக் கலந்திருந்தால் வைரஸ் பக்கம் தராசு சாயும். கூடவே செடியின் உருவத்தையும் பாருங்கள். கணுவுக்குக் கணு இடைவெளி குறைந்து, குட்டி இலைகளாகக் குவிந்து, செடி குட்டையாகப் புதர் மாதிரி நின்றால் அந்தச் சந்தேகம் வலுக்கும். பூச்சி தாக்கிய செடியில் சேதம் முக்கியமாகக் கொழுந்து முனைகளில் இருக்கும். வைரஸ் தாக்கிய செடி மொத்த வளர்ச்சியையே நிறுத்திக்கொள்ளும்.

வெள்ளைத் தாளும் லென்ஸும்

இதுவரை பார்த்தது எல்லாம் ஊகத்துக்கான தடயம். ஆளையே பார்த்துவிடுவது நல்லது.

ஒரு வெள்ளைத் தாளைக் கொழுந்துக்கு அடியில் பிடித்து, தண்டை விரலால் நான்கைந்து முறை சுண்டுங்கள். பூ இருந்தால் பூவையும் சேர்த்துத் தட்டுங்கள். தாளில் விழும் தூசியை அரை நிமிடம் அசையாமல் கவனியுங்கள். அரிசிக் குருணையைவிட மெல்லிய, வெளிர் மஞ்சள் கோடுகள் ஊர ஆரம்பித்தால் இலைப்பேன். பழகின மிளகாய் இலைப்பேன் ஒரு மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். பூவிலிருந்து கறுப்பாக விழுந்து ஓடினால் அது வேறு இனமாக இருக்கலாம். 2021-ல் ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் மிளகாய் வயல்களை நாசம் செய்த அந்தக் கறுப்பு இலைப்பேன் பூவுக்குள் கூடி உட்காரும் வகை.

மஞ்சள் சிலந்தி இந்தத் தாளில் தெரியாது. அதன் உடல் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர்தான். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் குறைந்தபட்சம் வேண்டும், இருபது மடங்கு என்றால் நிம்மதி. செல்போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸும் போதும். எங்கே பார்ப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். நன்றாகச் சுருண்டு முற்றிய இலையில் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் சிலந்தி அதை விட்டுப் போயிருக்கும். இப்போதுதான் விரியப் போகிற, பாதி மூடிய கொழுந்து இலையின் அடிப்பக்கம், நடுநரம்பு ஓரத்தில் தேட வேண்டும். கண்ணாடி போன்ற வெளிர் மஞ்சள் புள்ளி நகர்ந்தால் அதுதான். நகரும் புள்ளியைப் பிடிப்பது சிரமமாக இருந்தால் முட்டையைத் தேடுங்கள். அது அசையாது. நீள்வட்டமாக, மேலே வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகப் பதித்தது போல இலையில் ஒட்டியிருக்கும். ஒரு முறை பார்த்தால் மறக்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை லென்ஸோடு போனேன். முதல் ஐந்து செடிகளிலும் தாளில் எதுவும் ஊரவில்லை. கொழுந்தில் முட்டை இருந்தது, நகரும் புள்ளிகளும் இருந்தன. சிலந்தி உறுதி. இமிடாகுளோபிரிட் ஏன் உதவவில்லை என்பதும் விளங்கியது. சிலந்தி எட்டுக் கால் இனம், பூச்சி அல்ல. அந்த மருந்து அதைக் கொல்லாது. அந்த மருந்து பட்டு, இந்தச் சிலந்திகளைத் தின்னும் சின்ன உயிர்கள் செத்தால் சிலந்திக்குத்தான் கொண்டாட்டம்.

பருவமும் பொருந்தி வந்தது. மஞ்சள் சிலந்திக்கு ஈரக்காற்றும் மிதமான சூடும் பிடிக்கும். மழை விட்ட கார்த்திகை அதற்கு ஏற்ற காலம். இலைப்பேனுக்கு நேர்மாறாக வறண்ட வெயில் வேண்டும், மாசி பங்குனியில்தான் அதன் ஆட்டம். பருவத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், ஆனால் மற்ற அடையாளங்கள் சரிபாதியாக நிற்கும்போது பருவம் கைகொடுக்கும்.

எந்தச் செடி, எந்த வரிசை?

ஆறு பையும் ஒரே மண் கலவை, ஒரே தண்ணீர், ஒரே உரம். மண்ணோ தண்ணீரோ காரணமாக இருந்தால் ஆறும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கெட்டிருக்கும். “எது முதல்ல ஆரம்பிச்சது?” என்று கேட்டேன். சுவரோரம் இருந்த ஒன்று, பிறகு அதன் பக்கத்தில் இருந்தது, பிறகு அடுத்தது என்று பெரியம்மா விரல்விட்டுச் சொன்னார். இலைகள் ஒன்றையொன்று உரசும் வரிசையிலேயே பரவியிருக்கிறது. இப்படிப் பரவினால் காரணம் உயிருள்ளது என்று அர்த்தம். சிலந்தி இலையிலிருந்து இலைக்கு நடந்தே போகும். காற்றிலும் போகும். வெள்ளை ஈயின் காலைப் பிடித்துக்கொண்டு பயணம் செய்யும் பழக்கமும் இதற்கு உண்டு.

மூலையில் தனியாக இருந்த ஆறாவது செடி இந்த வரிசையில் வரவில்லை. அது எல்லாவற்றுக்கும் முன்னாலேயே குட்டையாக நின்றுவிட்டதாம். “அது எப்பவுமே சோணிதான்” என்றார் பெரியம்மா.

மருந்து, அதன் பிறகு காத்திருப்பு

சிலந்திக்கு நனையும் கந்தகம் போதும். உரக்கடையில் தூளாகக் கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம், இலையின் அடிப்பக்கம் நனையும்படி, வெயில் தாழ்ந்த பிறகு. ஆனால் அன்றே அடிக்கவில்லை. எண்ணெய் அடித்த இலையில் இரண்டு வாரத்துக்குள் கந்தகம் பட்டால் இலை கருகும். பெரியம்மா வேப்பெண்ணெய் அடித்து அப்போது எட்டு நாள்தான் ஆகியிருந்தது. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாட்களிலும் கந்தகம் இலையைச் சுடும். சித்திரை வெயிலில் இதைக் கையில் எடுக்கவே வேண்டாம்.

ஆகவே முதல் வாரம் கத்தரிக்கோல் வேலைதான். சுருண்ட கொழுந்து முனைகளை இரண்டு அங்குலம் வெட்டி, பாலிதீன் பையில் போட்டுக் கட்டி வெயிலில் வைத்துவிட்டு அப்புறம் குப்பைக்கு அனுப்பினோம். சிலந்தியின் பெரும்பகுதி கொழுந்தில்தான் குடியிருக்கிறது என்பதால் இதுவே பாதி வைத்தியம். வெட்டியவர் கையையும் கத்தரியையும் சோப்புப் போட்டுக் கழுவாமல் அடுத்த செடியைத் தொடக் கூடாது. வாரம் கழித்து முதல் முறை கந்தகம், அதிலிருந்து ஏழாம் நாள் இரண்டாம் முறை. முட்டை பொரிந்து பெரிதாகி மறுபடி முட்டையிட, சூடான நாட்களில் ஒரு வாரம்கூட ஆகாது. ஒரே முறை அடித்துவிட்டு நிறுத்தினால் முட்டையிலிருந்து வந்தவை மறுபடி ஆரம்பிக்கும்.

லென்ஸில் இலைப்பேன் தெரிந்திருந்தால் வழி வேறாக இருந்திருக்கும். குழாய்த் தண்ணீரை அடிப்பக்கம் வேகமாகப் பீய்ச்சுவது, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலக்கி ஐந்தாறு நாள் இடைவெளியில் மூன்று முறை மாலையில் அடிப்பது, பைக்கு அடியில் உதிர்ந்த இலைகளைப் பெருக்கி எடுப்பது. இலைப்பேனின் கூட்டுப்புழு அந்தச் சருகிலும் மண்ணிலும் ஒளிந்திருக்கும்.

எந்த மருந்தானாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: ஒரு முறை சுருண்டு முற்றிய இலை மறுபடி விரியாது. மருந்து அடித்து நான்காம் நாள் அதே இலையைப் பார்த்து “கேக்கலையே” என்று அடுத்த மருந்துக்குப் போவதுதான் இதில் பொதுவான தவறு. கடைசியாகச் சுருண்ட இலையின் காம்பில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிடுங்கள். அதற்கு மேலே புதிதாக வருவதை மட்டும் கவனியுங்கள். சிலந்தி சாறு உறிஞ்சும்போது விடும் நச்சு கொழுந்துக்குள் கொஞ்ச நாள் தங்கும் என்பதால், சிலந்தி ஒழிந்த பிறகும் முதலில் வரும் ஒன்றிரண்டு இலைகள் கோணலாக வரலாம். இரண்டு மூன்று வாரம் பொறுத்திருந்துதான் தீர்ப்பு.

பெரியம்மா மூன்று நாளுக்கு ஒரு முறை படம் அனுப்பினார். முதல் கந்தகம் அடித்த பன்னிரண்டாம் நாள் வந்த படத்தில், நூலுக்கு மேலே ஐந்து செடிகளிலும் பக்கக் கிளைகள் கிளம்பி, தட்டையான, காம்பு குட்டையான இலைகள். லென்ஸில் முட்டையும் இல்லை.

ஆறாவது செடி மட்டும் அப்படியே இருந்தது. அதே மருந்து, அதே கத்தரிப்பு. புதிதாக வந்த இலையும் நகத்தளவுதான், மேல் நோக்கிச் சுருண்டு, நரம்பு மஞ்சளாக. அந்த முதல் நாள் போட்டோவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மேல் நோக்கிய படகு, மஞ்சள் நரம்பு, தனி மூலை, முன்பிருந்தே குட்டை. எல்லாம் அன்றைக்கே அதில் இருந்திருக்கிறது. தண்டை லேசாக ஆட்டியதும் வெண்பொடி தூவியது போல வெள்ளை ஈக்கள் எழும்பி மறுபடி அடியில் போய் உட்கார்ந்தன. வைரஸைச் செடிக்குச் செடி கொண்டுபோவது அவைதான். வைரஸ் புகுந்த செடிக்கு மருந்து கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது ஆறில் ஒன்றுக்குச் சரியாக இருந்திருக்கிறது.

பிடுங்கும்போது வெள்ளை ஈ பறந்து மற்ற செடிக்குப் போய்விடாமல் இருக்க, அதிகாலையில், அவை மந்தமாக இருக்கும் நேரத்தில், பெரிய பாலிதீன் பையை மேலிருந்து கவிழ்த்து வாயைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு வேரோடு எடுத்தோம். மிச்சம் இருந்த ஐந்துக்கும் நடுவில் மஞ்சள் ஒட்டும் அட்டை இரண்டைத் தொங்கவிட்டோம். காலியான பையின் மண்ணை மாற்றத் தேவையில்லை, இந்த வைரஸ் மண்ணில் தங்காது. பெரியம்மா அதில் மிளகாய், தக்காளி எதுவும் வைக்காமல் சிறுகீரை விதைத்துவிட்டார்.